முதல் நாள் போட்டோவுக்கு ஒரு கேப்ஷன்

கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது பொறுமையா வாசிங்க. வீட்டுல இந்த வருஷம் யாராவது காலேஜ் சேர்ந்து வெளியூர் போறாங்கன்னா கட்டாயம் வாசிங்க.

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புதுச் சுடிதார், தோளில் பை, பின்னால் ஒரு பஸ் ஸ்டாண்ட் போர்டு. "மாமா, காலேஜ் ஃபர்ஸ்ட் டே. ஸ்டேட்டஸ் போடணும். நல்லதா ஒரு கேப்ஷன் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தாள்.

நானும் யோசிச்சேன். எனக்குத் தோன்றிய ஒரே வரி, "தண்ணி குடிச்சியா?"

அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. "மாமா, சீரியஸா கேட்கிறேன்" என்றாள். நானும் சீரியஸாத்தான் சொன்னேன். ஏன்னு இங்க விளக்கமா எழுதுறேன்.

முதலில் என் கதை.

2001. எனக்குச் சொந்த ஊர் போடி பக்கம். அப்பா ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது தஞ்சாவூரில். சேர்க்கைக்கு அப்பா கூட வந்தார். வகுப்பு தொடங்கும் நாளைக்கு இன்னொரு தடவை வேலையை விட்டுட்டு வர முடியாது. மதுரை வரைக்கும் வந்து ஏத்திவிடுறேன் என்றார்.

மதுரை தெரிந்தவர்களுக்கு இது புரியும். தேனி, போடி, கம்பம் பக்கத்து பஸ் எல்லாம் வந்து நிற்பது ஆரப்பாளையத்தில். தஞ்சாவூர் பஸ் கிளம்புவது மாட்டுத்தாவணியில். நடுவில் டவுன் பஸ் பிடித்து ஊரைக் கடக்க வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய் சுருட்டு, ஒரு வாளி. அதோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வாரோ என்பது தான் எனக்கு அன்றைய பெரிய கவலை.

மாட்டுத்தாவணியில் அப்பா ஜன்னல் பக்கம் நின்று, "ஏதாச்சும் சாப்பிடுறியாய்யா"ன்னு மூணு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். பசி இல்லாமல் இல்லை. வயிற்றில் என்னவோ பிசைந்தது. தண்ணி பாட்டில் கொடுத்தார். அதையும் குடிக்கவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. நடுவழியில் ஒன்றுக்கு வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்கத் தைரியம் இல்லை. நான் இறங்கிப் போகும்போது பஸ் பெட்டியோடு கிளம்பிவிட்டால்?

அதிகாலையில் தஞ்சாவூர் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். விடியும் வரை பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியை விட்டுட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாது. அதனால் அங்கேயும் தண்ணி குடிக்கவில்லை. ஒரு டீ மட்டும். கையில் வைத்திருந்த அட்மிஷன் கடிதத்தை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

விடுதியில் பெட்டியைப் போட்டுக் குளித்துக் கிளம்பவே நேரம் சரியாக இருந்தது. மெஸ்ஸுக்குள் போனேன். எல்லோரும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எந்த மேஜையில் போய் உட்கார்வது? திரும்பி வந்துவிட்டேன்.

அன்று முற்பகல் உடற்கூறியல் கூடம். ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்கும். மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. பிறகு பிடரியில் குளிர்ந்த வியர்வை. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலானது. பார்வை ஓரங்களில் இருட்டியது.

இங்க கவனிங்க. விழப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அரை நிமிஷமாவது நேரம் இருந்தது. பின்னால் சுவரோரம் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பெயர்கூடத் தெரியாத இத்தனை பேர் முன்னால், முதல் நாளே, "இவன் பிணத்தைப் பார்த்துப் பயந்தவன்" என்று ஆகிவிடுமே என்று நின்றேன். நின்றபடியே விழுந்தேன்.

அடுத்து நடந்தது பிறர் சொல்லித் தெரிந்தது. இரண்டு பேர் பதறிப்போய் என்னைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ "வலிப்பு, வலிப்பு" என்று கத்த, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒருத்தன் தன் டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் திணித்தான். அந்தக் கூடத்து அட்டெண்டர் அண்ணன்தான் வந்து, "தம்பியக் கீழ படுக்க வைங்கப்பா. காலத் தூக்குங்க. வருஷா வருஷம் நாலு பேரு விழுவான், இதுக்குப் போயி சாவியக் குடுத்துக்கிட்டு" என்றாராம். படுக்க வைத்த சில நொடிகளில் கண் திறந்தேன்.

அன்றிலிருந்து ஐந்தரை வருஷமும் கல்லூரியில் என் பெயர் "சாவி".

சிரிச்சுட்டீங்களா? சரி. இப்போ விஷயத்துக்கு வருவோம்.

அன்று நான் விழுந்ததற்குப் பிணம் மட்டும் காரணமில்லை. முந்தின நாள் சாயங்காலமே அது ஆரம்பித்துவிட்டது.

நாம் எழுந்து நின்றால், புவியீர்ப்பில் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். இது எல்லோருக்கும், ஒவ்வொரு தடவையும் நடக்கிறது. உடம்பு உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிடும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் பிழிந்து பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்த உதவி கிடையாது.

இதோடு ராத்திரி முழுக்கத் தண்ணி குடிக்காமல் வந்திருந்தால், மொத்த ரத்த ஓட்டத்தின் அளவே கொஞ்சம் குறைந்திருக்கும். தூக்கமில்லை, சாப்பாடில்லை, கூட்டத்தின் புழுக்கம். இதற்கு மேல் பயம். உடம்பு இழுத்துப் பிடித்துச் சமாளித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நரம்பு மண்டலம் திடீரென்று நேர்எதிர்க் கட்டளையைப் போட்டுவிடும். வேகமாகத் துடித்த இதயம் மெதுவாகும். சுருங்கியிருந்த குழாய்கள் விரியும். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் போவது ஆறேழு நொடி நின்றாலே நினைவு தப்பிவிடும்.

இதற்கு மருத்துவத்தில் வேசோவேகல் மயக்கம் என்று பெயர். ஊசியைக் கண்டால் விழுவது, ரத்தத்தைக் கண்டால் விழுவது, பள்ளிக்கூட அசெம்பிளியில் விழுவது எல்லாம் இந்த வகைதான்.

இதில் ஒரு வினோதம் உண்டு. விழுவதுதான் இதற்கு வைத்தியம். உடம்பு மட்டமாகத் தரையில் கிடந்ததும் காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். மூளைக்கு ரத்தம் ஏறும். பெரும்பாலும் இருபது நொடிக்குள் கண் திறந்துவிடுவார்கள்.

நம்ம ஆட்கள் என்ன செய்வோம்? பாசத்தில் தூக்கி உட்காரவைப்போம். மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தை மறுபடி மேட்டில் ஏறச் சொல்கிறோம். மயக்கம் நீளும். கை கால் வெட்டும்.

அந்த வெட்டுதான் பெரிய குழப்பம். மயக்கத்தில் கை கால் இழுத்தால் அது வலிப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1994-ல் ஜெர்மனியில் நரம்பியல் மருத்துவர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, சில நொடி மயங்கவைத்து வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். முழுதாக மயங்கிய 42 பேரில் சுமார் 90 சதவீதம் பேருக்குக் கை கால் வெட்டியது. அவர்கள் யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. ரத்தம் குறைந்த மூளையின் தற்காலிக எதிர்வினை அது, அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு கேட்டீங்கன்னா, ஒரு பெண்ணின் படிப்பே இதில் நின்றுபோக இருந்தது.

நான் இப்போது வேலை பார்ப்பது கோவையில். சில வருஷம் முன்னால் ஒரு நாள் மதியம், அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண். கல்லூரியில் முதல் நாள். வரிசையில் நின்றவள் விழுந்து, கை கால் இழுத்திருக்கிறது. (அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் போகும்போது அந்தப் பெண் தெளிவாகப் படுத்திருந்தாள். தாடையில் சின்னச் சிராய்ப்பு. அப்பாதான் உடைந்துபோய் நின்றார். வேட்டி, கையில் ஒரு மஞ்சப்பை. கமுதி பக்கத்திலிருந்து வந்தவர்.

என்னைத் தனியே கூப்பிட்டு, "அய்யா, டிசி வாங்கிட்டு ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு யாருய்யா பொண்ணு கேட்டு வருவா? வலிப்புன்னு மட்டும் சீட்டுல எழுதிறாதீங்க" என்றார்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பெண். அவர் யோசனையில் அந்தப் படிப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"ஐயா, வலிப்பாவே இருந்தாலும் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரை எடுத்துக்கிட்டு டாக்டருக்கே படிச்சவங்க இருக்காங்க. ஆனா இது வலிப்பான்னு முதல்ல பார்ப்போம். ஒரு அரை மணி நேரம் குடுங்க" என்றேன்.

மயக்கத்துக்கு ஸ்கேனைவிடப் பெரிய பரிசோதனை, நடந்ததை ஒழுங்காகக் கேட்பதுதான். விழுவதற்கு முன்னால் என்ன, விழுந்தபோது என்ன, எழுந்த பிறகு என்ன. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் முன்னால். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குமா கிளம்புனீங்க?"

எட்டு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், கோவை பஸ். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் போன அதே பாதை, எதிர்ப்பக்கமாக.

"தண்ணி எவ்வளவு குடிச்சே?"

பேசாமல் இருந்தாள். சிஸ்டர் இன்னொரு தடவை கேட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள். "குடிக்கல சார். அப்பாகூடத்தான் வந்தேன். அம்மா வரல. நடுவுல பாத்ரூம் போகணும்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

மாதவிலக்கின் இரண்டாம் நாள் வேறு. ராத்திரி சாப்பிட்டது அரை இட்லி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை இறங்கியதும் அப்பா வாங்கிக்கொடுத்த காபியில் பாதி. பிறகு கல்லூரியில் அடையாள அட்டைக்கும் விடுதி அறைக்கும் வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறாள்.

"விழறதுக்கு முன்னாடி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"வேர்த்துச்சு சார். காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு மங்குச்சு."

"உட்கார்ந்திருக்கலாமே?"

"எல்லாரும் நின்னாங்க சார். யாரையும் தெரியாது. நான் மட்டும் எப்படி உட்கார்றது?"

எனக்கு ஃபார்மலின் வாடை வந்து போனது.

அடுத்து, விழுந்தபோது என்ன நடந்தது. இதை நோயாளியால் சொல்ல முடியாது. பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கூடவே ஆட்டோவில் வந்தவளாம். "இவங்க உன் ஃபிரண்டாமா?" என்றேன். "பேரு தெரியாது சார். வரிசையில எனக்கு முன்னாடி நின்னாங்க" என்றாள்.

பெயர் தெரியாதவளோடு ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து, மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வாசலில் நிற்கிற பிள்ளை அது.

"எனக்குப் பின்னாடி நின்ன ஒரு பையன் வீடியோ எடுத்துட்டான் சார். திட்டி, அதை எனக்கு அனுப்பச் சொல்லிட்டு, அவன் போன்ல இருந்து அழிக்கச் சொல்லிட்டேன். டாக்டருக்கு வேணுமோன்னு என் போன்ல மட்டும் வச்சிருக்கேன்" என்றாள். படுத்திருந்த பெண்ணிடம் அனுமதி கேட்டுப் பார்த்தேன்.

சின்னத் துண்டு வீடியோதான். இரண்டு பேர் அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். முகம் வெளிறி, கண் திறந்தபடி மேலே செருகியிருக்கிறது. கை ஐந்தாறு தடவை ஒழுங்கில்லாமல் வெட்டுகிறது. யாரோ "கீழ படுக்க வைங்க" என்கிறார்கள். படுக்க வைக்கிறார்கள். நான்கைந்து நொடியில் கண் விழிக்கிறாள். சுற்றிப் பார்க்கிறாள். முதல் வார்த்தை தெளிவாகக் கேட்கிறது.

"என் சர்டிஃபிகேட் ஃபைல் எங்க?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஏன்னா, பெரிய வலிப்பு வந்து ஓய்ந்தவர் இப்படிக் கேட்க மாட்டார். வலிப்பில் உடம்பு முதலில் விறைக்கும், பிறகு ஒரே தாளத்தில் உதறும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்கூட ஓடும். முகம் வெளிறாது, பெரும்பாலும் நீலம் பூக்கும். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். முக்கியமாக, முடிந்த பிறகு பல நிமிஷம் குழப்பத்தில் இருப்பார்கள். எங்கே இருக்கிறோம், யார் எதிரில் நிற்பது என்று தெரியாது. தூங்கிப்போவார்கள். இந்தப் பெண் விழித்த சில நொடிகளிலேயே தான் எங்கே இருக்கிறாள், கையில் என்ன வைத்திருந்தாள், அது எவ்வளவு முக்கியம் என்பது வரை தெரிந்து கேட்கிறாள்.

உடையில் சிறுநீர் போயிருந்தால்? அதை மட்டும் வைத்து வலிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. சாதாரண மயக்கத்திலும் அது நடக்கும். நாக்கைப் பார்த்தேன். கடி இல்லை.

பிறகு பரிசோதனைகள். படுத்தபடி ரத்த அழுத்தம் 108/70, நாடி 80. எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள் எடுத்தால் 86/60, நாடி 116. நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் நிற்கும்போது உடம்பு சமாளிக்கவில்லை என்று அர்த்தம். இவளுக்கு 22 இறங்கியிருந்தது. சர்க்கரை 78, அதில் குறையில்லை. ஹீமோகுளோபின் 9.4. இது ரத்தசோகை. குறைந்தது 12 இருக்க வேண்டும்.

ஈசிஜி எடுத்தோம். முதல் தடவை மயங்கி விழுந்த எல்லோருக்கும், எவ்வளவு சின்ன வயதாக இருந்தாலும், இது ஒன்றை விடக் கூடாது. இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே கோளாறு இருந்து, அது மயக்கமாக வெளிப்படும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த தடவை எழாமல் போகலாம். இவளுக்கு ஈசிஜி சரியாக இருந்தது. குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் யாரும் இல்லை. இதயத்தில் ஸ்டெத் வைத்ததில் வேறு சத்தம் இல்லை.

மூளை ஸ்கேன் எடுக்கலையான்னு அப்பா கேட்டார். தேவையில்லை என்றேன். ஈஈஜியும் கேட்டார். கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதுவும் வேண்டாம். ஈஈஜியில் ஆரோக்கியமான சிலருக்கும் சின்ன மாறுதல்கள் தெரியும். அதைப் பார்த்து வலிப்பு என்று பெயர் ஒட்டிவிட்டால், அப்புறம் அதைப் பிய்த்து எடுப்பது பெரும்பாடு.

சலைன் ஏற்றவில்லை. சிஸ்டர் அரை லிட்டர் தண்ணியும், அப்புறம் உப்பு போட்ட மோரும் கொடுத்தார். பெயர் தெரியாத அந்தப் பெண் கேன்டீனில் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் வாங்கி வந்தாள். ஒன்று இவளுக்கு, ஒன்று தனக்கு. இருவரும் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதுதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி நிற்க வைத்தேன். 104/70. தலைசுற்றல் இல்லை.

அப்பாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு இல்லை, இதயக் கோளாறு இல்லை. தண்ணியும் சாப்பாடும் இல்லாமல் ராத்திரி முழுக்க வந்து, ஒரு மணி நேரம் நின்றதால் வந்த மயக்கம். ரத்தசோகைக்கு மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி வேணாம்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்யா. அவ அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். டிசி பற்றி அப்புறம் பேச்சே இல்லை. சாயங்காலம் இரண்டு பெண்களும் ஒரே ஆட்டோவில் கல்லூரிக்குப் போனார்கள். அவர் பின்னால் மஞ்சப்பையோடு ஏறிக்கொண்டார்.

இனி உங்களுக்கு.

பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், வழியில் எங்கே இறங்கிக் கழிப்பறை போகலாம் என்பதை நீங்களே முதலில் பேசிவிடுங்கள். பெண் பிள்ளை அப்பாவிடம் தானாகக் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். "இந்த ஸ்டாண்டுல பஸ் பத்து நிமிஷம் நிக்கும். நான் பைகிட்ட இருக்கேன், நீ போயிட்டு வந்துரு" என்று சொன்னால் போதும். தனியாகப் போகிறவர்கள் சில்லறைக் காசு தனியே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணக் கழிப்பிட வாசலில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். போக இடம் உண்டு என்ற நிம்மதி இருந்தால் தண்ணி தானாக உள்ளே இறங்கும்.

காலையில் வரிசைக்குப் போகும் முன் அரை லிட்டர் தண்ணி குடியுங்கள். ரத்ததானம் செய்ய வருகிறவர்களை ஊசி போடும் முன் தண்ணி குடிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். வயிறு பிசைகிறதா? இரண்டு வாழைப்பழமாவது இறங்கட்டும்.

நிற்கும்போது கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதடைப்பு, கண் மங்கல் வந்தால் உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. முடிந்தால் அங்கேயே படுங்கள். முடியாவிட்டால் குத்தவைத்து உட்காருங்கள். அதற்கும் கூச்சமாக இருந்தால், நின்றபடியே ஒரு காலை மற்றதன் மேல் குறுக்காகப் போட்டுத் தொடையையும் இடுப்புக்குக் கீழேயும் இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கொக்கி போலக் கோர்த்து எதிரெதிராக இழுங்கள். தசை இறுகும்போது தேங்கிய ரத்தம் மேலே ஏறும். பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றே தெரியாது. ஆனால் இது தற்காலிகம்தான். தெளிந்ததும் போய் உட்காருங்கள்.

பக்கத்தில் ஒருவர் விழுந்தால், மட்டமாகப் படுக்க வையுங்கள். காலை ஒரு அடி உயரம் தூக்குங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணி ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண் திறந்ததும் உடனே எழுப்பாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் கிடக்கட்டும். சாவி வேண்டாம். வலிப்பாகவே இருந்தாலும் சாவிக்கு வேலை இல்லை. ஒரு நிமிஷத்தில் விழிக்கவில்லை என்றால் 108. மூச்சு சரியாக இல்லை என்றால் அது மயக்கமே இல்லை. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

சில மயக்கங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தால், படுத்திருக்கும்போது நினைவு தப்பினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சடாரென்று விழுந்தால், நெஞ்சு படபடத்து உடனே விழுந்தால், குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், தண்ணி குடிச்சா சரியாயிடும்னு விட்டுடாதீங்க. இதயத்தை முழுதாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி அக்கா மகளுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் நீலக் குறி விழவில்லை. ராத்திரி பதில் வந்தது.

"மாமா, இன்னிக்கு வரிசையில எனக்கும் கண்ணு மங்குச்சு. உட்கார வெட்கமா இருந்துச்சு. அப்பத்தான் உங்க மெசேஜ் ஞாபகம் வந்துச்சு. 'தண்ணி இருக்கா'ன்னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன். பாட்டில் குடுத்தா. அவ ராசிபுரம். இப்ப ரெண்டு பேரும் ஒரே ரூம்."

ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் போட்டோவைக் காணோம். இரண்டு பெண்கள், நடுவில் ஒரு தண்ணி பாட்டில். கேப்ஷன்: "தண்ணி குடிச்சியா?"

நாகர்கோவில்காரனுக்கு அதை அனுப்பினேன். அவன் இப்போது குழந்தைகள் நல மருத்துவர். அஞ்சரை வருஷம் என்னோட ரூம்மேட். உடனே பதில் வந்தது.

"டேய் சாவி, என் பொட்டிச் சாவிய இன்னும் நீ திருப்பித் தரல."